கறுப்பிலும் வெள்ளையிலும் படிக்கத்தக்க நீலம்

லினக்ஸ் டெர்மினலில் `ls` என்று அடித்தால் கோப்புகளின் பெயர்கள் பல நிறங்களில் வரும். கோப்புறைகள் நீலம், இயக்கத்தக்க நிரல்கள் பச்சை, வேறிடத்தைச் சுட்டும் இணைப்புகள் வெளிர் நீலப்பச்சை, சுருக்கிக் கட்டிய `.tar`, `.zip` கோப்புகள் சிவப்பு. பெயரைப் படிப்பதற்கு முன்பே அது என்ன வகை என்று கண் பிரித்துக்கொள்ளும். நாளெல்லாம் டெர்மினலில் வேலை செய்பவருக்கு இது பெரிய வசதி.

ஆனால் கறுப்புப் பின்னணியில் அந்த நீலத்தைப் படித்துப் பாருங்கள். பல கணினிகளில் கோப்புறைப் பெயர்கள் இருட்டுக்குள் அமுங்கிப்போயிருக்கும். சரி என்று பின்னணியை வெள்ளைக்கு மாற்றினால் நீலம் பளிச்சென்று தெரியும். இப்போது பச்சை எழுத்துகள் கண்ணுக்குத் தப்பிவிடும். ஒரு பக்கம் சரிசெய்தால் மறுபக்கம் கெடுகிறது. புதிதாக லினக்ஸுக்கு வருபவர்கள் பலர் இதைத் தங்கள் கண்ணின் குறையாகவோ திரையின் குறையாகவோ நினைத்துப் பொறுத்துக்கொள்கிறார்கள். பொறுத்துக்கொள்ளத் தேவையே இல்லை. நான்கைந்து வரிகளில் தீரக்கூடியது இது. அதற்கு முன், அந்த நிறத்தை உண்மையில் யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது தெரிய வேண்டும்.

`ls` நிறம் எதையும் அனுப்புவதில்லை. ஓர் எண்ணைத்தான் அனுப்புகிறது. கண்ணால் பார்க்க வேண்டுமானால் இந்தக் கட்டளையை அடித்துப் பாருங்கள்:

```
ls --color=always | cat -v
```

கோப்புறைப் பெயரைச் சுற்றி `^[[01;34m` என்றும், பெயர் முடிந்ததும் `^[[0m` என்றும் தெரியும். `01` என்றால் எழுத்தைத் தடிப்பாக்கு. `34` என்றால் எழுத்துக்கு நான்காம் எண் நிறம். கடைசியில் வரும் `0` எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. நான்காம் எண் என்றால் நீலம் என்பது வழக்கம். எந்த நீலம் என்பது டெர்மினலின் விருப்பம். பெயின்ட் கடையில் ஷேடு எண்ணைச் சொல்கிறோம், அந்த எண்ணுக்கு எந்த டப்பாவைத் திறப்பது என்பது அந்தந்தக் கம்பெனியின் அட்டையைப் பொறுத்தது. அதேபோலத்தான் இதுவும். பழைய `xterm` நான்காம் எண்ணுக்கு `#0000EE` என்ற அடர்நீலத்தைத் தருகிறது. விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரம் இன்னும் இருண்ட `#000080` வைத்திருந்தது. 2017இல்தான் மைக்ரோசாஃப்ட் அதை `#0037DA` என்று கொஞ்சம் வெளிச்சமாக்கியது. ஒரே சர்வரில் உட்கார்ந்திருக்கும் ஒரே `ls`, இரண்டு பேரின் திரையில் இரண்டு நீலங்களாகத் தெரிவது இதனால்தான்.

எந்த வகைக் கோப்புக்கு எந்த எண் என்ற அட்டவணை `LS_COLORS` என்ற சூழல் மாறியில் இருக்கிறது. அதைத் தயாரித்துக் கொடுப்பது `dircolors` என்ற சிறு கருவி. உபுண்டு, டெபியன் இரண்டிலும் `~/.bashrc` கோப்பிலேயே அதை அழைக்கும் வரி எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் அட்டவணையை வரிவரியாகப் பார்க்க:

```
echo "$LS_COLORS" | tr ':' '\n' | head -20
```

`di=01;34` என்பது கோப்புறை. `ln` இணைப்பு, `ex` இயக்கத்தக்க கோப்பு, `or` சுட்டிய இடம் காணாமல்போன இணைப்பு. அதற்குக் கீழே `*.tar=01;31` என்பதுபோல நீட்சிவாரியாக நீண்ட பட்டியல் போகும்.

ஆக, தலையிட இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, எண்ணுக்கு நிறம் கொடுக்கும் டெர்மினல். இன்னொன்று, வகைக்கு எண் கொடுக்கும் `LS_COLORS`.

எங்கே கைவைப்பது என்று முடிவுசெய்வதற்கு முன், நீலம் ஏன் இப்படிப் படுத்துகிறது என்று பார்த்துவிடலாம். திரையின் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் மூன்றும் முழுவீச்சில் எரிந்தாலும் நம் கண்ணுக்கு அவை சமமான வெளிச்சமாகப் படுவதில்லை. மொத்த வெளிச்சம் 100 என்றால் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72. சிவப்புக்கு 21. நீலத்துக்கு வெறும் 7. இணையப் பக்கங்கள் எல்லோராலும் படிக்கத்தக்கதாக இருக்க டபிள்யூ3சி அமைப்பு வகுத்த வழிகாட்டி, இந்தப் பங்குகளை வைத்தே எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு விகிதமாகக் கணக்கிடுகிறது. கறுப்பின்மேல் வெள்ளை என்றால் 21. எதன்மேலும் அதே நிறம் என்றால் 1. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்பது அதன் அளவுகோல்.

`xterm` தரும் `#0000EE` நீலத்தை இதில் போட்டுப் பார்த்தால் கறுப்பின்மேல் 2.2தான் வருகிறது. தேவையானதில் பாதி. வெள்ளையின்மேல் அதே நீலம் 9.4. பிரகாசமான பச்சையான `#00FF00` நேர் எதிர்: கறுப்பில் 15.3, வெள்ளையில் 1.4. மஞ்சள் இன்னும் மோசம். `#FFFF00` வெள்ளைத்தாளில் 1.07. அதாவது இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும். நீலம் கறுப்பில் மறைவதும் பச்சை வெள்ளையில் மறைவதும் கண் கோளாறு அல்ல என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

உங்கள் சொந்தக் கணினியில் மட்டும் வேலை என்றாலும், பல சர்வர்களுக்குள் `ssh` வழியாகப் போய் வருபவர் என்றாலும், முதலில் டெர்மினலின் நிற அமைப்பைத் தொடுவதே நல்லது என்பது என் கருத்து. க்னோம் டெர்மினல், கான்சோல் போன்றவற்றின் அமைப்புகளில் 16 நிறங்களைக் கொண்ட அட்டை ஒன்று இருக்கும். அதில் நான்காம் எண் கட்டத்தையும், அதன் பிரகாசமான இணையையும் கொஞ்சம் வெளுத்த நீலமாக மாற்றிவிட்டால் போதும். சர்வரில் எதையும் தொட வேண்டாம். சர்வர் `34` என்ற எண்ணைத்தான் அனுப்பப்போகிறது, வண்ணம் தீட்டுவது உங்கள் மேசைமேல் இருக்கும் டெர்மினல். கையில் நிர்வாக உரிமை இல்லாத இயந்திரங்களிலும் இது வேலை செய்யும். டெர்மினல் எண்ணைத்தான் நினைவில் வைத்திருப்பதால், அட்டையை மாற்றிய நொடியே திரையில் ஏற்கெனவே இருக்கும் எழுத்துகளும் பொதுவாகப் புது நிறத்துக்கு மாறிவிடும். இருண்ட அட்டை ஒன்று, வெளிர் அட்டை ஒன்று என்று இரண்டு சுயவிவரங்கள் வைத்துக்கொண்டால் `ls` இரண்டிலும் பொருந்தி நிற்கும்.

இந்த வழியில் ஒரு கண்ணி உண்டு. `01` என்பது தடிப்பு மட்டும் அல்ல. பல டெர்மினல்கள், தடித்த எழுத்து வந்தால் நிறத்தையும் பிரகாசமான இணைக்கு மாற்றிவிடும். பழைய பிசி திரைகளின் காலத்து வழக்கம் அது. `xterm` அப்படிச் செய்வதால்தான் அங்கே கோப்புறைகள் `#0000EE`க்குப் பதில் `#5C5CFF` ஆகத் தெரிந்து, கறுப்பில் 4.4 வரை தேறுகின்றன. இந்த வசதி அணைக்கப்பட்ட டெர்மினலில் அதே `01;34` இருண்ட நீலத்திலேயே தடிக்கும். அமைப்புகளில் தடித்த எழுத்தைப் பிரகாசமாகக் காட்டுவதா என்று கேட்கும் ஒரு பெட்டி இருக்கும், அதை ஒருமுறை மாற்றிப் பார்த்தாலே உங்கள் சிக்கல் பாதி தீர்ந்துவிடக்கூடும்.

இதுவே சில நேரம் எதிராகவும் திரும்பும். ஈதன் ஷூனோவர் வடிவமைத்த சோலரைஸ்டு என்ற புகழ்பெற்ற நிறத்தொகுதி, பிரகாசமான நிறங்களுக்கான எட்டு இடங்களில் பெரும்பாலானவற்றைச் சாம்பல் சாயல்களுக்கு ஒதுக்கிவிட்டது. அந்தத் தொகுதியைப் போட்டுக்கொண்டு, தடித்ததைப் பிரகாசமாக்கும் வசதியையும் வைத்திருந்தால், நீலமாக வர வேண்டிய கோப்புறையும் பச்சையாக வர வேண்டிய நிரலும் சாம்பலாக வந்து நிற்கும். “சோலரைஸ்டு போட்டதும் என் நிறங்களே போய்விட்டன” என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

சரி, டெர்மினல் நம் கையில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி ஆய்வகத்தில் ஐம்பது மாணவர்கள் ஒரே சர்வருக்குள் வருகிறார்கள். பாதிப்பேர் கறுப்புத் திரை, பாதிப்பேர் வெள்ளைத் திரை. புரொஜெக்டரில் பாடம் எடுப்பவர் வெள்ளைக்கு மாற்றிக்கொள்கிறார். யாருடைய டெர்மினலையும் தொட முடியாது. `LS_COLORS` ஒன்றுதான் நம் வசம். இரண்டு பின்னணியிலும் ஒரேமாதிரி படிக்கத்தக்க நிறங்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. கறுப்பின் வெளிச்சம் 0, வெள்ளையின் வெளிச்சம் 1 என்று வைத்தால், இரண்டிலிருந்தும் சமமான விகிதத்தில் விலகி நிற்கும் புள்ளி ஒன்று உண்டு. வழிகாட்டியின் சூத்திரம் இரண்டு வெளிச்சங்களோடும் 0.05ஐக் கூட்டிவிட்டு வகுக்கச் சொல்கிறது. கறுப்பின்மேல் கிடைக்கும் விகிதமும் வெள்ளையின்மேல் கிடைக்கும் விகிதமும் சமமாக இருக்க வேண்டும் என்று எழுதினால்:

```
(L + 0.05) / 0.05 = 1.05 / (L + 0.05)
L ≈ 0.18
```

அந்தப் புள்ளியில் இரண்டு பக்கமும் 4.58 கிடைக்கிறது. தேவையான 4.5ஐ மயிரிழையில் தாண்டிவிடுகிறோம். 0.5 என்ற நடுப்புள்ளியில் தேடாமல் 0.18க்குப் பக்கத்தில் தேட வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம்.

16 எண்களில் இதைத் தேட முடியாது, ஏனென்றால் அவற்றின் நிறம் ஊருக்கு ஊர் மாறும். இன்றைய டெர்மினல்கள் ஏறக்குறைய எல்லாமே 256 நிறங்களை அறியும். அவற்றில் 16 முதல் 255 வரையான எண்களுக்கு நிறம் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றே. 16இலிருந்து 231 வரை சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் ஆறு படிகள்: 0, 95, 135, 175, 215, 255. எண்ணைக் கண்டுபிடிக்க `16 + 36r + 6g + b`. இதில் மூன்று எழுத்துகளும் 0 முதல் 5 வரையான படிகள். நீலத்தை முழுவீச்சில் ஐந்தாம் படியில் வைத்து, சிவப்பையும் பச்சையையும் முதல் படிக்கு, அதாவது 95க்கு உயர்த்தினால் 16 + 36 + 6 + 5 = 63. இதன் வெளிச்சம் 0.178. கறுப்பில் 4.57, வெள்ளையில் 4.60. சற்றே ஊதா கலந்த நீலம். நாம் தேடிய நீலம் இதுதான்.

இதே வழியில் மற்றவற்றையும் கணக்கிட்டுப் பார்த்தேன். பச்சைக்கு 28, கறுப்பில் 4.5, வெள்ளையில் 4.7. இணைப்புகளுக்கு நீலப்பச்சையாக 30, முறையே 4.8, 4.4. படம், காணொளிகளுக்கு இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த 163, முறையே 4.5, 4.7. மஞ்சளுக்கு இந்த வெளிச்சத்தில் இடமே இல்லை. மஞ்சளைப் போதுமான அளவு இருட்டாக்கினால் அது பழுப்பாகிவிடும். ஆகவே 130 என்ற செம்பழுப்பைச் சுருக்கிய கோப்புகளுக்குக் கொடுக்கலாம். சிவப்பு 196 கறுப்பில் 5.3, வெள்ளையில் 4.0. கொஞ்சம் குறைவுதான். ஆனால் உடைந்துபோன இணைப்புகளுக்கு மட்டும் பயன்படுத்துவதால் ஏற்றுக்கொள்ளலாம்.

`~/.bashrc` கோப்பில், `dircolors` வரிகளுக்குக் கீழே இதைச் சேர்க்க வேண்டும்:

```
LS_COLORS="$LS_COLORS:di=38;5;63:ln=38;5;30:ex=38;5;28"
LS_COLORS="$LS_COLORS:or=38;5;196:*.tar=38;5;130:*.zip=38;5;130"
LS_COLORS="$LS_COLORS:*.jpg=38;5;163:*.png=38;5;163"
LS_COLORS="$LS_COLORS:tw=04;38;5;63:ow=04;38;5;63:st=38;5;63"
export LS_COLORS
```

`38;5;` என்றால் அடுத்து வரும் எண் 256 நிற அட்டையிலிருந்து எடுத்தது என்று பொருள். ஒரே வகை இரண்டு முறை வந்தால் பின்னால் வந்ததே செல்லும் என்பதால் பழைய பட்டியலை அழிக்க வேண்டியதில்லை, கடைசியில் ஒட்டினால் போதும். ஆய்வகச் சர்வரில் எல்லோருக்கும் வேண்டுமானால் இவ்வரிகளை எல்லாப் பயனருக்கும் பொதுவான தொடக்கக் கோப்பில் வைக்கலாம். ஆனால் பயனரின் சொந்த `~/.bashrc` அதற்குப்பின் `dircolors`ஐ அழைத்தால் உங்கள் வரிகள் அழிந்துவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். அமைத்தும் நிறம் மாறவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. எழுத்துப்பிழை இருந்தால் `ls` தானாகவே புகார் சொல்லும்: `unparsable value for LS_COLORS environment variable`. அப்படி வந்தால் நிறமே இல்லாமல் பட்டியல் வரும்.

மேலே கடைசிக்கு முந்தைய வரியைத் தனியாகப் பேச வேண்டும். `ow` என்பது யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய கோப்புறை. அதற்கு `dircolors` கொடுக்கும் இயல்பு நிறம் `34;42`, பச்சைப் பின்னணியின்மேல் நீல எழுத்து. எச்சரிக்கைக்காக வைத்தது. பாதுகாப்பு நோக்கில் காரணம் நியாயம்தான், ஆனால் எச்சரிக்கப்படும் பெயரையே படிக்க முடியாமல் போகிறது. விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்குபவர்களுக்கு இது நாள்தோறும் தலைவலி. அங்கே `/mnt/c` வழியாகப் பார்க்கும் விண்டோஸ் கோப்புறைகள் எல்லாம் பொதுவாக எல்லோரும் எழுதக்கூடியவையாகவே தெரிவதால், திரை முழுக்கப் பச்சைப் பட்டைகள் வரிசைகட்டி நிற்கும். பின்னணி நிறத்தை எடுத்துவிட்டு, எச்சரிக்கையை `04` என்ற அடிக்கோட்டுக்கு மாற்றியிருக்கிறேன். அடிக்கோடு எந்தப் பின்னணியிலும் தெரியும். எழுத்தின் படிக்கத்தக்க தன்மையையும் கெடுக்காது. குழாய், சாதனக் கோப்புகளுக்கு இயல்பாக வரும் `40;33` என்பதிலும் `40` என்பது கறுப்புப் பின்னணி. வெள்ளைத் திரையில் `/dev` கோப்புறையைப் பார்த்தால் கறுப்புப் பட்டைகள் தெரிவது அதனால்தான். அங்கே அடிக்கடி போகாதவர்கள் அதை விட்டுவிடலாம்.

தேர்ந்தெடுத்த எண்களைச் சோதிக்க டெர்மினலின் பின்னணியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. `48;5;` பின்னணியைக் குறிக்கும். எண் 16 முழுக் கறுப்பு, 231 முழு வெள்ளை. ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்:

```
for n in 63 30 28 163 130 196; do
  printf '\e[48;5;16;38;5;%dm  notes-%d  ' "$n" "$n"
  printf '\e[48;5;231;38;5;%dm  notes-%d  \e[0m\n' "$n" "$n"
done
```

உங்களுக்குப் பிடித்த எண்களை முதல் வரியில் போட்டு இரண்டு தூண்களையும் ஒப்பிடுங்கள். ஒரு நல்ல சோதனை: நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தூரத்திலிருந்து படித்துப் பாருங்கள். எந்தத் தூணில் எந்த வரி முதலில் கலங்குகிறதோ அந்த எண்ணை மாற்றுங்கள்.

இந்த நடுவெளிச்ச வழிக்கு ஓர் எல்லை உண்டு. இரண்டு பின்னணிக்கும் சேர்த்து 4.58க்கு மேல் எந்த நிறத்தாலும் கொடுக்க முடியாது. கணக்கே அப்படி. அதுவும் முழுக் கறுப்பு, முழு வெள்ளைக்குத்தான். உபுண்டுவின் கத்தரிப்பூ நிறப் பின்னணியான `#300A24` முழுக் கறுப்பு அல்ல. அதன்மேல் 63ஆம் எண் நீலம் 3.8க்கு இறங்கிவிடுகிறது. படிக்க முடியும், ஆனால் வசதியாக இருக்காது. கண்பார்வை குறைந்தவர்களுக்கும், நாளுக்குப் பத்து மணிநேரம் டெர்மினலிலேயே இருப்பவர்களுக்கும் இந்தச் சமரசத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்கு இரண்டு தனி அட்டவணைகளே சரி. `dircolors -p` கட்டளையின் வெளியீட்டை இரண்டு கோப்புகளாகச் சேமித்து, இருளுக்கானதில் `DIR` வரியை `38;5;75` என்றும், ஒளிக்கானதில் `38;5;25` என்றும் மாற்றுங்கள். 75 கறுப்பில் 9ஐத் தொடும், 25 வெள்ளையில் 6.4 தரும். மற்ற வரிகளையும் இதேபோல மாற்றிவிட்டு `~/.bashrc`இல்:

```
dark()  { eval "$(dircolors -b ~/.dircolors.dark)"; }
light() { eval "$(dircolors -b ~/.dircolors.light)"; }
dark
```

வெள்ளைத் திரைக்குப் போகும்போது `light` என்று அடித்தால் போதும். இதைத் தானியங்கியாக்க முடியாதா என்று பலர் கேட்பார்கள். கான்சோல், ஆர்எக்ஸ்விடி போன்ற சில டெர்மினல்கள் `COLORFGBG` என்ற மாறியில் பின்னணி எண்ணைச் சொல்லிவைக்கின்றன. அது `;15` என்று முடிந்தால் பின்னணி வெள்ளை. ஆனால் அந்த மாறி டெர்மினல் திறந்த நேரத்து நிலையைத்தான் சொல்லும். நடுவில் நிறத்தொகுதியை மாற்றினால் அது மாறாது. `ssh` வழியாக இயல்பாக மறுமுனைக்குப் போகாது. `tmux` அமர்வு ஒன்றை நேற்று இருண்ட திரையில் தொடங்கி இன்று வெள்ளைத் திரையில் இணைத்தால் நேற்றைய பதிலையே தரும். நான்கைந்து எழுத்துக் கட்டளையைக் கையால் அடிப்பதே நம்பகமானது.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. மேலே தேர்ந்தெடுத்த நிறங்கள் எல்லாமே ஏறத்தாழ ஒரே வெளிச்சம். ஆகவே பச்சை 28க்கும் செம்பழுப்பு 130க்கும் இடையில் சாயல் வேறுபாடு தவிர வேறெதுவும் இல்லை. சாயலும் தெரியாதவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியக்கூடும். அவர்களுக்கு `ex=01;38;5;28` என்று நிரல்களை மட்டும் தடிப்பாக்கலாம். எண் 16க்கு மேல் இருப்பதால், முன்பு சொன்ன பிரகாசக் கண்ணியும் இங்கே வராது. இதோடு `ls -F` என்ற தெரிவையும் வைத்துக்கொண்டால் கோப்புறையின் பின்னால் `/`, நிரலின் பின்னால் `*`, இணைப்பின் பின்னால் `@` வரும். `alias ls='ls --color=auto -F'` என்று ஒரே வரியில் இரண்டும் அமைந்துவிடும். அதில் உள்ள `auto` என்ற சொல்லை `always` என்று மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் பட்டியலை வேறு கட்டளைக்கு அனுப்பும்போதும் கோப்பில் சேமிக்கும்போதும் பெயர்களோடு `^[[38;5;63m` போன்ற குறிகளும் சேர்ந்து போய் ஒட்டிக்கொள்ளும்.